காதுமடல் பார்க்கிறவள்

தாராவியில் அந்தச் சந்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் இரண்டு காரியம் தவறாமல் நடக்கும். வீட்டு ஆண்களில் ஒருவர் பிள்ளையின் வலது காதில் பாங்கு சொல்லுவார். சொல்லிவிட்டு அவர் வெளியே போனதும் மெஹராஜ் உள்ளே வந்து அதே காதைப் பார்ப்பாள்.

பிறந்த பிள்ளையின் மேனி நிறத்தை நம்ப முடியாது. முதல் சில நாள் எல்லாப் பிள்ளையும் செக்கச்செவேல் என்றுதான் கிடக்கும். பிறகு ஏமாற்றிவிடும். காதுமடலின் மேல் விளிம்பு என்ன நிறமோ அதுதான் பிள்ளையின் நிறம் என்பது கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பெண்களின் தீர்மானம். எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் மெஹராஜ் பார்த்துச் சொன்னால் தப்பாது என்று ஒரு பேர் எப்படியோ அவளுக்கு அமைந்துவிட்டது. அவளுக்கும் அதில் பெருமை உண்டு. கூப்பிட்டு அனுப்பினால் உடனே ஓடாமல், "கையில வேலை கிடக்குளா" என்று அரைமணி கழித்துப் போகிற அளவுக்குப் பெருமை.

கொழுந்தன் ஜமாலுக்குப் பிள்ளை பிறந்தபோதும் அப்படித்தான் போனாள். மழை பிடித்துக்கொண்ட மாதம். அறைக்குள் ஈரத்துணி வாடையும் சாம்பிராணி வாடையும் கலந்து அடித்தது. கட்டிலைச் சுற்றி அத்தனை பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மெஹராஜ் கையைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு, பிள்ளையின் காதை ஒற்றை விரலால் முன்பக்கம் மடக்கிப் பார்த்தாள்.

"தேறிருவான். ஒங்க உம்மா நெறம்" என்றாள், பெற்றவளிடம்.

பிள்ளை சிவப்பாக வருவான் என்று அர்த்தம். அவ்வளவுதான், அறை கலகலத்துவிட்டது. யாரோ பெற்றவளின் கன்னத்தைக் கிள்ளினார்கள். யாரோ பேரீச்சம்பழத் தட்டை நீட்டினார்கள். மெஹராஜின் அக்குளுக்கடியில் தலையை நுழைத்துக்கொண்டு நின்ற அவள் மகள் பரீஹா மட்டும் சிரிக்கவில்லை. நாலரை வயதுப் பிள்ளை. உம்மாவின் விரல் எப்படி மடங்குகிறது என்பதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஹராஜுக்கு அது நினைவில்கூட நிற்கவில்லை. பிள்ளை கூட வந்தாள், கூடத் திரும்பினாள், வேறென்ன.

மெஹராஜ் வீடு கீழே, கணவன் ஷகீலின் கார்கானா மேலே. நடுவில் இரும்பு ஏணி. மேலே தோல் கைப்பைகள் தைக்கிறார்கள். மாசானம் என்று வள்ளியூர்க்காரர் ஒருவர் தோல் வெட்டுகிறார். நல்ல கருப்பு, நல்ல கைநிதானம். ஒரு பைக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நிறத்தில் அமைய வேண்டும் என்பதால் வெட்டிய துண்டுகளை வெளிச்சத்தில் வைத்து ஜோடி சேர்ப்பது மெஹராஜின் வேலை. சேராதது, புள்ளி விழுந்தது, மழைக்குப் பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் ‘தேறாது’ என்று மாசானம் கீழே ஏணியடி மூலையில் போட்டுவிடுவார். பரீஹா அந்த மூலையில்தான் விளையாடுவாள்.

அங்கே தைக்கிற பைகளில் பாதி உதுமான் பாய்க்குப் போகிறது. ஆப்பிரிக்காவில் டாக்கர் பட்டணத்துக்காரர். சரக்கு எடுக்க பம்பாய் வந்தவர், வந்த முதல் வாரத்திலேயே தாராவித் தமிழர்கள் வாயில் உதுமான் ஆகிவிட்டார். பிறகு கோவண்டியில் நம் பெண் ஒருத்தியையே நிக்காஹ் செய்துகொண்டார். அந்தப் பெண்தான் ஆஸியா. அவர் ஊருக்குப் போய் வருகிற நாள்களில் கார்கானா கார்கானாவாக ஏறி, ஜிப்பை இழுத்துப் பார்த்து, தையலை நகத்தால் கீறிப் பார்த்து மால் எடுப்பவள் அவள். வரும்போது மகள் ஹவ்வாவைக் கூட்டிவந்து, பரீஹா படிக்கிற அதே பால்வாடியில் விட்டுவிட்டு வேலைக்கு ஏறுவாள்.

ஜமாலின் பிள்ளைக்குக் காது பார்த்து மூன்று வாரம் இருக்கும். அன்றைக்கு வந்த ஆஸியா ஏணியில் ஏறவில்லை. நனைந்த குடையை வாசலிலேயே சாய்த்துவிட்டு உள்ளே வந்து நின்றாள். கூட ஹவ்வா. பிள்ளையின் தலையில் முக்காடு இறுக்கிக் கட்டியிருந்தது. பரீஹா பால்வாடிக்குப் போயிருந்தாள்.

"லாத்தா, ஒரு நிமிசம் இதப் பாருங்க" என்று ஆஸியா முக்காட்டை அவிழ்த்தாள்.

இரண்டு காதுமடலும் தோல் உரிந்து கிடந்தன. மேல் விளிம்பில் நீர் கோத்துப் பளபளத்தது. மெஹராஜ் குனிந்து கிட்டே பார்த்தாள்.

"என்னளா இது, புள்ளைக்கு? சொறியா?"

"சொறி இல்ல. காலு தேய்க்க வச்சிருக்க கல்லு. பாத்ரூம்ல போயிக் கதவச் சாத்திக்கிட்டுத் தேய்ச்சிருக்கா. எத்தன நாளாவோ. நேத்து தலவாணி உறையில ரத்தம் இருந்துச்சு, அப்பந்தான் பாத்தேன்."

"யா அல்லா. எதுக்குத் தேய்ச்சா?"

ஆஸியா ஹவ்வாவை வாசலுக்கு அனுப்பி மழையைப் பார்க்கச் சொன்னாள். பிள்ளை போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒங்க பரீஹா இவ காத மடக்கிப் பாத்தாளாம். பாத்துட்டு, ‘ஒனக்குத் தேறாது, நீ இப்படியேதான் இருப்ப, எங்கூட உக்காராத’ன்னு சொல்லிட்டாளாம். மத்த புள்ளையளுக்கும் பாத்துப் பாத்துச் சொல்லியிருக்கா. தேறுனதெல்லாம் ஒரு பாய், தேறாததெல்லாம் ஒரு பாய். இவ மட்டும் தனிப் பாய்."

மெஹராஜுக்கு முகம் சுட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"இல்ல ஆஸியா, எங்க வீட்ல கருப்பு செவப்புன்னு ஒரு பேச்சு கிடையாது. நம்பு. ஒன்னயப் பத்தியோ, ஒம் மாப்பிள்ளையப் பத்தியோ அந்தப் புள்ள முன்னால ஒரு சொல்லு சொன்னதில்ல. அது எங்கயோ ஸ்கூல்ல கேட்டுட்டு..."

"ஒரு சொல்லு சொன்னதில்ல, சரி" என்றாள் ஆஸியா. "காது மடக்குறத எங்க பாத்தா லாத்தா? இந்தச் சந்துல காது பாக்குறது வேற யாரு?"

மேலே தையல் மிஷின் ஓடி நின்றது. மெஹராஜ் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆஸியா குடையை விரித்துக்கொண்டு பிள்ளையோடு போய்விட்டாள். அன்றைக்கு மால் எடுக்கவில்லை.

பால்வாடி விட்டு வந்த பரீஹாவை மெஹராஜ் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். முதுகில் ஒன்று வைத்தாள். கெட்ட கோபம். அதில் பாதி யார்மேல் என்று அவளுக்கே தெரியும்.

"ஹவ்வாவப் பாத்து அப்படிச் சொல்லலாமா? இனிமே யாரையும் கருப்புன்னு சொன்ன, வாயில சூடு போட்ருவேன். எல்லாரும் ஒண்ணுதான். கலருன்னு ஒண்ணும் கிடையாது, கேட்டியா?"

பரீஹா அழுகையினூடே உம்மாவின் கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள்.

"இருக்கே" என்றாள்.

நியாயம்தான். கண் இருக்கிற பிள்ளையிடம் இல்லை என்று சாதித்தால் பிள்ளை கண்ணைத்தான் நம்பும். மெஹராஜ் வேறு வழி தேடினாள். மூலையிலிருந்து இரண்டு தோல் துண்டுகளை எடுத்தாள். ஒன்று வெளிர் பழுப்பு, ஒன்று கருப்பு. திருப்பிப் போட்டுக் காட்டினாள்.

"பாரு, அடியில ரெண்டும் ஒரே மாதிரி இருக்கா? சாயம்தான் வேற. மனுசங்களும் அப்படித்தான்."

தன் கெட்டிக்காரத்தனத்தில் அவளுக்கே ஒரு நிம்மதி வந்தது. பரீஹாவும் அழுகையை நிறுத்தி யோசித்தாள்.

"அப்ப ஹவ்வாவுக்கு வேற சாயம் போட்டாத் தேறிருவாளா உம்மா? மேல டப்பால இருக்கே, அதுல கொஞ்சம் எடுத்துட்டுப் போகவா?"

மெஹராஜ் துண்டுகளைப் பிடுங்கி மூலையில் எறிந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் ஷகீலிடம் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். கருவாட்டுக் குழம்பு அன்றைக்கு நன்றாக அமைந்திருந்தது அவள் கெட்ட நேரம்.

"சின்னப் புள்ளையளுக்கு என்ன தெரியும்? ரெண்டு நாள்ல மறந்துரும். நீ போயி கிளறாத. ஆஸியாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

மறக்கவில்லை. மறுநாள் பரீஹா குப்பி மூடிகளை வரிசையாக அடுக்கி டீச்சர் விளையாட்டு விளையாடினாள். ஒரு கருப்பு மூடியைத் தனியே நகர்த்தும்போது, உம்மா பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குரலே எழாமல் அதனிடம் என்னவோ சொன்னாள். மெஹராஜ் கதவோரம் நின்று அதைப் பார்த்தாள். நேற்றுவரை வாய்விட்டுச் சொன்னதை இன்றைக்குப் பிள்ளை ஒளித்துச் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது. அதைக் கற்றுக்கொடுத்ததும் தான்தான் என்று அவளுக்குப் பட்டது. அடி வாங்கினது பிள்ளை, வெட்கப்பட வேண்டியது நான் என்று நினைத்துக்கொண்டாள்.

பால்வாடி டீச்சர் ஜெபசெல்வி நாசரேத்துக்காரி. வாயாடி. மெஹராஜ் போய் நின்றதும் அவள் பாய்களைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"வருவியன்னு தெரியும். ஆஸியா வந்து அழுதுட்டுப் போனா. நான் ஒங்களத் திட்ட மாட்டேன் அக்கா. எனக்கே நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்கு. போன வருசம் ஆண்டு விழாவுக்கு ராணி வேசம், தேவதை வேசம், எல்லாத்துக்கும் யார முன்னால நிறுத்துனேன்? செவத்த புள்ளையள. மரம், கல்லு, ராட்சசன் எல்லாம் பின்னால. ஹவ்வா மரம். நானா யோசிச்சுச் செய்யல. கை தன்னால செஞ்சிருச்சு. புள்ளையளுக்கு வாய்ப் பேச்சு வேண்டாம் அக்கா. யாரு முன்னால நிக்கா, யாரு பின்னால நிக்கான்னு பாத்தாப் போதும்."

"நாங்க வீட்ல பேசுறதே இல்ல டீச்சர், சத்தியமா."

"அதுதானே சங்கடம். தவழுததுக்கு முன்னாலயே மூஞ்சி நெறம் வித்தியாசம் பச்சப்புள்ளைக்குத் தெரியும்னு எங்களுக்கு டிரெய்னிங்ல சொன்னாவ. பாக்குறது தப்பில்ல. மூணு நாலு வயசுல எதக் கண்டாலும் பிரிச்சு அடுக்கும், அதுக்கு அதுதான் வெளையாட்டு. இது எதுக்கு இப்படி இருக்குன்னு பெரியவங்க சொல்லலன்னா அதுவா ஒரு காரணம் கட்டிக்கும். நாம வாயப் பொத்துனா, ஓகோ இது ஏதோ அசிங்கம் போலன்னு அதையும் சேத்துக் கட்டிக்கும்."

"இப்ப நான் என்ன செய்ய?"

"மொதல்ல கேளுங்க. ஏன் அப்படி நெனச்சன்னு கேட்டுட்டு, நீங்க வாய மூடிக்கிட்டு இருங்க. அடிக்கக் கூடாது, எல்லாரும் ஒண்ணுன்னு பிரசங்கம் வைக்கக் கூடாது. என்ன கட்டி வச்சிருக்குன்னு தெரிஞ்சாத்தானே அவுக்க முடியும். பொறவு உள்ளத உள்ளபடி சொல்லுங்க. ஒரு தடவ சொல்லி முடியாது, பல்லு வெளக்குற மாதிரி தெனமும் கொஞ்சம்." ஜெபசெல்வி கடைசிப் பாயையும் சுருட்டி ஓரமாகச் சாய்த்தாள். "கேக்க நல்லாருக்காது அக்கா. என் கிளாஸ்ல நான் கேட்டேன். நல்லாவே இல்ல."

அன்றைக்குச் சாயங்காலம் கரண்ட் போய், மேலே மிஷின்கள் நின்று, மழைச் சத்தம் மட்டும் இருந்தது. மெஹராஜ் பரீஹாவை மடியில் இழுத்துப் போட்டு, உளுந்தவடை ஒன்றைப் பிய்த்துக் கையில் கொடுத்தாள்.

"ஏளா, உம்மா இன்னைக்கு ஏச மாட்டேன். ஹவ்வாவ எங்கூட உக்காராதன்னு சொன்னியே, ஏன் அப்படித் தோணுச்சு?"

பரீஹா உம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்து அளந்தாள்.

"சூடு போடுவியா?"

"போட மாட்டேன்."

"அவளுக்குத் தேறல. தேறாதத மாசானம் மாமா மூலையிலதான போடுவாங்க."

மெஹராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். வடையைத் தின்றபடி பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. ஜமால் சாச்சா பாப்பாவுக்கு உம்மா தேறிரும் என்றதும் எல்லாரும் சிரித்தார்கள், பழம் கொடுத்தார்கள். எதிர் வீட்டுப் பாப்பாவின் காதைப் பார்த்தபோது உம்மா ஒன்றும் சொல்லாமல், "ஆயுசோட இருக்கட்டும்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை, அந்தப் பாப்பாவின் உம்மா அழுதாள்.

"அதுவும் ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

"ம். அப்புறம் ஹவ்வா வாப்பா வந்தா நீ காயிதக் கப்புல டீ குடுப்ப. வேற சேட்டு வந்தா கண்ணாடி கிளாஸ். அந்த மாமா ஏணில ஏறி வந்தா நீ என்னத் தூக்கி இடுப்புல வச்சுக்குவ. அந்த மாமா ஏன் இவ்ளோ கருப்புன்னு நான் கேட்டேன்ல, நீ தொடையில கிள்ளுன. வெளிய போயி மிட்டாய் வாங்கித் தந்த."

"கிள்ளுனது எதுக்குன்னு நெனச்ச?"

"அந்த மாமா கெட்டவங்க. அதான் சத்தமாச் சொல்லக் கூடாது." கொஞ்சம் யோசித்து, "மாசானம் மாமா அவங்க தம்பி. ஆனா மாசானம் மாமா நல்லவங்க. அது எப்படின்னு தெரியல" என்றாள்.

"தம்பின்னு யாரு சொன்னா?"

"ரெண்டு பேரும் கருப்புதானே. அப்ப ஒரே வீடுதானே."

மெஹராஜுக்கு அழுகை வந்தது. காகிதக் கப் கொடுத்தது உண்மைதான். கழுவ நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்ததும் உண்மை. எதற்கு என்று அவள் தன்னைக் கேட்டதே இல்லை. வாயால் ஒரு சொல் சொல்லவில்லை என்று ஆஸியா முகத்துக்கு நேரே சத்தியம் செய்த வாய் இது. சொல்லாமலே இத்தனையும் சொல்லியிருக்கிறாள். தன் பெருமையெல்லாம் எவ்வளவு அசிங்கமான பெருமை என்று நினைத்தபோது மடியில் இருந்த பிள்ளையின் கனம்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

மூக்கைச் சிந்திவிட்டு, பரீஹாவின் கையைத் தன் கையோடு சேர்த்து வைத்தாள்.

"கலரே இல்லன்னு சொன்னேன்ல, அது பொய். இருக்கு. பாரு, என் கை கோதும நெறம். ஒங்கை அதவிடக் கருப்பு, வாப்பா மாதிரி. ஹவ்வா கை இன்னும் கருப்பு. கருப்புங்கறது ஏச்சுச் சொல்லு இல்ல. நெறத்துக்குப் பேரு, அவ்ளோதான்."

"ஏன் வேற வேற?"

"எல்லார் தோலுக்குள்ளயும் நெறம் தர்ற ஒரு சத்து இருக்கு. சிலருக்குக் கூட, சிலருக்குக் கொறச்சல். வெயிலு தோலப் பொசுக்காமப் பாத்துக்கிடும். வெயிலு ரொம்ப அடிக்கிற தேசத்துல காலங்காலமா இருந்தவங்களுக்கு அது கூட இருக்கும். உம்மா வாப்பாகிட்ட இருந்து புள்ளைக்கு வரும். ஒனக்கு வாப்பா முடி வந்த மாதிரி."

"தேய்ச்சாப் போகுமா?"

"போகாது. அழுக்கில்ல. போகவும் வேண்டாம். சாயம் போட்டதும் இல்ல. அன்னைக்குத் தோலக் காட்டுனேன்ல, அது உம்மாவோட மடத்தனம்."

"பெருசானா மாறுமா?"

"மாறாது. ஒரு ஆளு நல்லவங்களா, யாரு வீட்டு ஆளு, எதுவும் நெறத்த வச்சுத் தெரியாது. தேறும், தேறாதுங்கறது தோல் துண்டுக்குத்தான். மனுசங்களுக்கு அப்படிச் சொல்லக் கூடாது. சிலர் சொல்லுவாங்க. கருப்பா இருக்கவங்கள பின்னால தள்ளுவாங்க. அது அநியாயம். உம்மா அந்த அநியாயத்தச் செஞ்சேன். ஒனக்குக் காட்டிக் குடுத்ததும் நாந்தான்."

பரீஹா விரலில் ஒட்டிய எண்ணெயை நக்கினாள். எவ்வளவு உள்ளே போனது என்று முகத்தில் தெரியவில்லை.

"அப்ப நீயும் ஹவ்வாகிட்ட சாரி சொல்லணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கோவண்டிக்குப் போனார்கள். ஷகீல் வரவில்லை, ஆர்டர் நிற்காமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லி அனுப்பினான். ஸ்டேஷனுக்கு வெளியே சேறும் ஆட்டோவும் வழியை அடைத்துக் கிடந்தன. ஆஸியாவின் வீடு மாடியில் ஒற்றை அறை. உதுமான் பாய் டாக்கரிலிருந்து திரும்பியிருந்தார். லுங்கியோடு தரையில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தவர், எழுந்து கையைத் துடைத்து, "ஆவோ பாபி, வாங்கோ, பைட்டோ" என்று இந்தியும் தமிழுமாகக் கூப்பிட்டார். அவர் கண்ணைப் பார்க்க மெஹராஜால் முடியவில்லை. ஆஸியா கண்ணாடிக் கிளாஸில் டீ கொண்டுவந்து வைத்தாள். அந்த டீயை விழுங்குவது பெரும்பாடாக இருந்தது.

பரீஹாவுக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. "நீங்க மாசானம் மாமாவுக்கு அண்ணனா?" என்று நேரே கேட்டுவிட்டாள்.

ஆஸியா இந்தியில் சொல்ல, உதுமான் பாய் சிரித்தார். "நை நை, இல்ல. அவன் வள்ளியூர், நான் டாக்கர். ஆனா அவன் வெட்டுற தோல் ஏ ஒன்." பிறகு மெஹராஜிடம், சிரிப்புக் குறையாமலே, இந்தியில் சொன்னார்: "குழந்தை கேட்கிறாள், பாபி. இந்த ஊரில் பெரியவர்கள் யாரும் என்னை ஒன்றும் கேட்டதில்லை. டிரெயினில் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும், நிற்கிறவர்கள் நின்றுகொண்டே வருவார்கள்."

ஹவ்வா கட்டிலுக்குப் பின்னால் நின்றாள். காதில் மஞ்சள் மருந்து பூசியிருந்தது. மெஹராஜ் அவள் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு ஒன்று இருந்தது. அதைத் தொடங்குவதற்குள் ஹவ்வா தலையைச் சாய்த்து, புண் படாமல் விரலால் தன் காதை முன்பக்கம் மடக்கி, அவளுக்குக் காட்டினாள்.

"ஒங்களுக்குத்தான் சரியாப் பாக்கத் தெரியுமாம், பரீஹா சொன்னா. இப்பக் கொஞ்சம் தேறியிருக்கா, பெரியம்மா?"

ஆஸியா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். உதுமான் பாய்க்குத் தமிழ் முழுதாகப் புரியாது. ஆனால் மனைவியின் முதுகு புரிந்தது.

மெஹராஜ் அந்தச் சின்னக் கையைக் காதிலிருந்து மெல்ல எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் பாக்கத் தெரியாது தங்கம். தெரிஞ்ச மாதிரி ஊரெல்லாம் ஏமாத்திட்டு இருந்தேன். தேறுறதுன்னு ஒண்ணு இல்லவே இல்ல. நீ கருப்பு, ஒங்க வாப்பா மாதிரி. அது நல்ல நெறம், மாறவே வேண்டாம். பரீஹா சொன்னது தப்பு. ஆனா அத அவளா சொல்லல. எங்கிட்ட பாத்துக் கத்துக்கிட்டா. தப்பு என்னுது."

"அப்ப இனிமே தேய்க்க வேண்டாமா?"

"வேண்டாம்மா."

"எங்கம்மாவும் அதத்தான் சொன்னாங்க" என்றாள் ஹவ்வா, நம்பாத குரலில். பரீஹா இடையில் புகுந்து, "அது வெயிலுக்கு வச்ச சத்து, தேய்ச்சாலும் போகாது" என்று டீச்சர் மாதிரி அறிவித்தாள். ஹவ்வா அவளை முறைத்தாள். கிட்டே வரவில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது ஆஸியா சொன்னாள்: "வந்ததுக்குச் சந்தோசம் லாத்தா. மனசுல ஆறல, பொய் சொல்ல மாட்டேன். மாலு எடுக்க வருவேன், அது வியாபாரம். பால்வாடிக்கு இவ எப்ப வருவான்னு இவதான் சொல்லணும்."

"சரி" என்றாள் மெஹராஜ். மன்னிச்சுக்கோ என்று கேட்க நினைத்துக் கேட்காமலே இறங்கினாள். கேட்டால் அதற்கும் ஆஸியாதான் பதில் தேட வேண்டியிருக்கும்.

குர்லா போகிற வண்டியில் பெண்கள் பெட்டியில் கூட்டம் நெரித்தது. செம்பூரில் தமிழ்ப் பெண்கள் கொஞ்சப் பேர் ஏறி, ஈரப் புடவையை உதறிக்கொண்டு நெருக்கி நின்றார்கள். யாரோ இடம் கொடுக்க, மெஹராஜ் உட்கார்ந்து பரீஹாவை மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளை வெகுநேரம் ஜன்னல் கம்பியில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உம்மா, நான் பொறந்தப்ப நீ என் காதப் பாத்தியா?"

பக்கத்திலிருந்த அம்மாள் சிரித்தபடி திரும்பிப் பார்த்தார். இல்லை என்று சொல்லலாம். சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது.

"பாத்தேன்."

"என்ன சொன்ன?"

"கருப்பாத்தான் வருவாள்னு சொன்னேன்."

"சிரிச்சியா?"

"இல்ல." வண்டி திலக் நகரில் நின்று கிளம்பியது. "அழுதேன். ரெண்டு நாளு ஒன்னய யாருக்கும் காட்டாம துணியப் போத்தி வச்சிருந்தேன். அது எம் புத்திகெட்டத்தனம். நீ அழகாத்தான் இருந்த."

பக்கத்து அம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது. நின்றுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி அவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். மெஹராஜ் தலையைக் குனிந்துகொண்டாள். பரீஹா தன் காதைத் தொட்டுப் பார்த்தாள், விளிம்பு முழுவதும், மெதுவாக. அழவில்லை. எதையோ சரிபார்த்து முடித்த மாதிரி கையை எடுத்தாள்.

"நான் ஹவ்வாகிட்ட சொல்லப் போறேன்" என்றாள்.

"என்னன்னு?"

"ஒனக்கு மட்டும் இல்ல, எங்க உம்மா எனக்கும் அப்படித்தான் சொன்னாங்கன்னு. அப்ப அவ எங்கூட உக்காருவா."

பிள்ளை மலர்ந்த முகத்தோடு சம்மதத்துக்குக் காத்திருந்தது. வண்டி குர்லாவுக்குள் நுழைய, இறங்குகிறவர்கள் கதவுப் பக்கம் நெருக்கினார்கள்.

"சொல்லு" என்றாள் மெஹராஜ்.